ஆவியில் ஏழு நிமிடம்

இட்லிப் பானையின் மூடியைத் தூக்கியதும் குபீரென்று எழும்பும் ஆவியைக் கண்டு நான் விலகி நின்றுவிடுவதில்லை. குனிந்து மூக்கை அருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். முளைகட்டிய பச்சைப்பயறு ஆவியில் ஏறி மூன்று நிமிடம் ஆகியிருந்தால் வெட்டிய புல்லின் வாசனை வரும். ஐந்தாவது நிமிடத்தில் அது மங்கும். ஏழாவது நிமிடத்தில் பச்சை வாசனை முழுக்கப் போய், அவித்த இளங்கடலைக்காயின் தித்திப்பான மணம் அடுக்களை முழுக்கப் பரவும். அந்த மணத்துக்காகவே வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டில் பயறு முளைக்கிறது. இரண்டு வருடமாக இதே வேலை, இன்னும் எனக்கு அலுக்கவில்லை. இந்தச் சின்ன உருண்டைக்குள் இத்தனை ருசி ஒளிந்திருந்ததா என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன்.

பாசிப்பயறு என்று பலரும் சொல்வதைத்தான் நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் பச்சைப்பயறு என்கிறோம். காராமணி எங்களுக்குத் தட்டைப்பயறு. இரண்டும் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தவைதான். ஆனால் முளைகட்டிய பயற்றோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது எங்கள் அத்தையால், அதாவது மாமியாரால். அவருக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரை இருப்பதால் காலையில் முளைப்பயறு சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். வெங்காயம், கேரட், எலுமிச்சைச் சாறு போட்டுப் பச்சையாகவே கலந்து கொடுத்தேன். இரண்டு நாள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "வவுத்துல கல்லாட்டம் நிக்குது கண்ணு, ராத்திரி பூரா உப்புசம்" என்றார்.

சரி, வேகவைத்துக் கொடுப்போம் என்று குக்கரில் வைத்து ஒரே ஒரு விசில் விட்டேன். ஆவி அடங்கித் திறந்து பார்த்தால் பயறு குழைந்து களியாகக் கிடந்தது. தோல் தனி, பருப்பு தனி, முளையெல்லாம் நூல் நூலாக மிதந்தன. கடைசலுக்கு அது சரிதான். பச்சைப்பயறு கடைசல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கடைசலுக்கு முளைகட்ட வேண்டிய அவசியமே இல்லையே! ஒன்றரை நாள் காத்திருந்து வளர்த்த முளையின் மொறுமொறுப்பு ஒரே விசிலில் போய்விட்டது. பச்சையாகக் கொடுத்தால் வயிறு ஏற்கவில்லை, குக்கரில் வைத்தால் வாய்க்குச் சுகமில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு இடம் இருக்கவேண்டும், அதைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதைக் கண்டுபிடித்த நாளை இப்போது நினைத்தாலும் மனசு துள்ளுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு 200 கிராம் பச்சைப்பயற்றைக் கழுவி, பயற்றைப்போல் நான்கு மடங்கு தண்ணீரில் ஊறவைத்தேன். மாலை 5 மணிக்கு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, இரண்டு முறை அலசி, தாம்பாளத்தில் கொட்டிக் கையால் அளைந்து பார்த்தேன். நன்றாக ஊறிய பயறு இரண்டு மடங்கு பருத்து, நகம் பட்டால் தோல் வழுக்கும். இடையிடையே சில மணிகள் மட்டும் சின்னதாக, கரும்பச்சையாக, பளபளவென்று அப்படியே இருக்கும். அவை கல்லுப்பயறு. தோல் தண்ணீரை உள்ளே விடாததால் அவை ஊறவே ஊறா. ஊறாதது முளைக்காது, முளைக்காதது ஏழு நிமிடத்தில் வேகாது. சாப்பிடும்போது பல்லில் அகப்படுவது இதுதான். ஐந்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பொறுக்கிவிட்டால் பிறகு நிம்மதி.

பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, ஓட்டைத் தட்டின்மேல் வைத்து மூடினேன். இறுக்கிக் கட்டினால் முளை வளர இடம் இருக்காது, நடுவில் சூடேறிப் புளித்த வாடை வரும். இரவு படுக்கப் போகும்போது ஒரு தரமும் காலையில் எழுந்ததும் ஒரு தரமும் முடிச்சை அவிழ்த்து, பயற்றைத் தண்ணீரில் அலசி, வடியவிட்டு மறுபடி கட்டினேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவிழ்த்தபோது ஒவ்வொரு பயற்றிலும் பயறு நீளத்துக்கு ஒரு வெள்ளை வால் முளைத்திருந்தது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எனக்குப் பிடித்த அளவு இதுதான். அதற்குமேல் விட்டால் முளை நாராகும், லேசாகக் கசக்கும், ஆவியில் வைத்ததும் துவண்டு விழும். சித்திரை வெயிலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே இந்த அளவு வந்துவிடும். மார்கழியில் ஒரு முழு நாள்கூட ஆகும். அதனால் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட முளையைப் பார்ப்பதே நல்லது. வழுவழுப்பாக ஒட்டினாலோ புளித்த நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

அன்றைக்கு முளைத்த பயற்றை ஐந்து பங்காகப் பிரித்தேன். ஐந்து சின்னத் துணியில் ஐந்து முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நூல். இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி நன்றாக வந்தபிறகுதான் ஐந்தையும் ஒன்றாகத் தட்டில் வைத்து மூடினேன். தண்ணீர் சூடாவதற்கு முன்பே வைத்துவிட்டால் எந்த நிமிடத்திலிருந்து கணக்கு எடுப்பது என்றே தெரியாது. பிறகு மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, பத்தாவது, பதினைந்தாவது நிமிடங்களில் ஒவ்வொரு முடிச்சாக வெளியே எடுத்தேன். என் பெண் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றாள்.

மூன்று நிமிட முடிச்சில் வெளிப்பக்கம் சூடாகியிருந்ததே தவிர, கடித்தால் பச்சைப் பயறுதான். ஐந்து நிமிடத்தில் நல்ல நறுக்கென்ற கடி இருந்தது. ஆனால் பயற்றை விரலால் நசுக்கி இரண்டு பருப்பாகப் பிளந்தபோது, நடுவே சுண்ணாம்புப் பொடி போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளியைக் கண்டதும் எல்லாம் புரிந்துவிட்டது. வேகாத மாவு அதுதான்! ஏழு நிமிட முடிச்சில் பிளந்த பருப்பு ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக, மெழுகு போல லேசான மினுமினுப்போடு இருந்தது. தோல் கிழியவில்லை. முளை நிமிர்ந்து நின்றது. வாயில் போட்டால் பல்லுக்கு ஒரு கடி, அதற்கடுத்து மெதுவாகக் கரைகிற மாவு. தித்திப்பு! உப்புகூடப் போடாமல் நாங்கள் இருவரும் அந்த முடிச்சு முழுவதையும் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிட்டோம்.

பத்து நிமிடத்தில் பயறு இன்னும் மெத்தென்று இருந்தது. சிலவற்றில் தோல் வாய் திறந்திருந்தது, பச்சை நிறம் பழுப்புப் பக்கம் சாய்ந்திருந்தது. பல் வலுவில்லாதவர்களுக்கு இதுதான் நல்ல பதம். பதினைந்தில் தோல் கழன்று, முளை தொங்கி, குக்கரில் வந்ததற்குப் பக்கத்தில் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அளவு ஏழு நிமிடம், அத்தைக்கு மட்டும் ஒன்பது. உங்கள் பயறு பெரிதாக இருந்தாலோ, பழையதாக இருந்தாலோ, தட்டில் அதிகம் அடைத்தாலோ ஓரிரு நிமிடம் மாறும். அதனால் நிமிடத்தை நான் முழுக்க நம்புவதில்லை, பிளந்து பார்ப்பதையே நம்புகிறேன். நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் ஒரு நிமிடம். புள்ளி மறைந்த கணத்தில் அடுப்பை அணைத்துவிடவேண்டும்.

குக்கரில் ஏன் அப்படிக் குழைந்தது என்பதும் இதோடு புரிந்தது. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகிறது. விசில் வந்து அடுப்பை அணைத்த பிறகும் ஆவி அடங்கும்வரை பத்து நிமிடம்போல உள்ளே பயறு வெந்துகொண்டேதான் இருக்கும். முளைகட்டிய பயறு ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து, உள்ளே உள்ள மாவும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாக உடையத் தொடங்கிய பயறு. காய்ந்த பயற்றுக்கு வேண்டிய சூடு அதற்கு வேண்டியதில்லை. ஆவியில் வைத்தால் சூடு 100 டிகிரியோடு நிற்கும், மூடியைத் திறந்த நொடியில் வேகுவதும் நிற்கும். அந்தக் கட்டுப்பாடு நம் கைக்கு வருவதில்தான் எனக்கு இத்தனை சந்தோஷம்.

கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டும் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் வெந்துவிட்டது. ஆனால் முளை சோர்ந்து போயிற்று. தண்ணீர் லேசான பச்சையாக மாறியிருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பயற்றின் தித்திப்பெல்லாம் அதில்தான் இருந்தது! முளைகட்டும்போது புதிதாக உண்டாகும் சி வைட்டமினும் தண்ணீரில் கரைந்து போகிற வகை. ஆவியிலும் சூட்டினால் ஓரளவு குறையத்தான் செய்யும்; ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியேறுவது அங்கே இல்லை. ருசியும் சத்தும் பயற்றிலேயே தங்கவேண்டும் என்றால் பச்சைப்பயற்றுக்கு ஆவியே சிறந்தது.

ஆவியில் வைக்கும்போது நான் தவறாமல் செய்கிற மூன்று காரியங்கள் உண்டு. தட்டில் துணி விரித்து, பயற்றை ஒரு விரல் கனத்துக்குமேல் குவிக்காமல் பரப்புவேன். குவித்தால் அடியில் வெந்து நடுவில் வேகாமல் நிற்கும். மூடியின் உட்பக்கம் ஒரு துணியைக் கட்டுவேன். இல்லாவிட்டால் மூடியில் சேரும் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்து மேல்பயறு சொதசொதத்துவிடும். வெந்ததும் அப்படியே பாத்திரத்தில் அள்ளிக் குவிக்காமல், அகலமான தாம்பாளத்தில் பரப்பி விசிறிக்கொண்டு இரண்டு நிமிடம் ஆறவிடுவேன். சூட்டோடு குவித்து வைத்த பயறு தன் சூட்டிலேயே இன்னும் வெந்து மெத்தென்றாகிவிடும். உப்பும் எலுமிச்சையும் இந்த ஆறிய பயற்றுக்குத்தான். முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் பயறு நீர் விட்டுத் தட்டில் தண்ணீர் நிற்கும்.

இனி வயிற்றுக் கதை. அத்தையின் உப்புசத்துக்குக் காரணம் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த விளக்கம் இது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் என்சைம் நம் சிறுகுடலில் இல்லை. அவை உடையாமலே பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று வாயு உண்டாக்குகின்றன. அதிசயம் என்னவென்றால், நம்மிடம் இல்லாத அந்த என்சைம் பயற்றிடம் இருக்கிறது! தண்ணீர் பட்டு முளைக்கத் தொடங்கியதும் பயறு தன் சேமிப்பிலிருந்து முதலில் எடுத்துச் செலவழிப்பது இந்தச் சர்க்கரைகளைத்தான். வயிற்றை உப்பவைக்கிற சர்க்கரைதான் அந்த வெள்ளை வால் வளரத் தீனி. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதிலும் கொஞ்சம் போய்விடுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து முளையைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்காக ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டு வந்து நிற்கிறது என்று தோன்றுகிறது.

அப்படியானால் பச்சையாகச் சாப்பிட்ட முளைப்பயறு அத்தைக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? முளை எல்லாவற்றையும் செய்து முடிப்பதில்லை, அதனால்தான். பயற்றின் மாவு வேகாமல் இருந்தால் நம் உடம்பு அதை எளிதில் உடைக்காது. புரதம் செரிப்பதைத் தடுக்கிற சில பொருள்களும் பயற்றில் உண்டு. முளைக்கும்போது அவை குறையும், முற்றாக அடங்குவது சூட்டில்தான். அந்த நடுப் புள்ளி மறையும்வரை வேகவைப்பதன் அர்த்தமே இது. மாவு தண்ணீரை வாங்கி மலர்ந்துவிட்டது என்பதற்கு நம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் அது. கடிபதமும் செரிமானமும் எதிர் எதிராக நிற்பவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து நிற்கிற ஓர் இடம் இருக்கிறது. புள்ளி மறைந்த பிறகு, தோல் வாய் திறப்பதற்கு முன்பு!

வேகவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரமும் கதகதப்பும் சேர்ந்த துணி முடிச்சு பயற்றுக்கு எவ்வளவு பிடிக்குமோ, கெட்ட கிருமிகளுக்கும் அவ்வளவு பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளி, ஐம்பது பேருக்குமேல் பலிகொண்ட ஈ. கோலை கிருமியைத் தேடிப்போனபோது, அது முளைகட்டிய வெந்தயத்தில் வந்து முடிந்தது. கிருமி விதையிலேயே ஒட்டியிருந்தால், எவ்வளவு சுத்தமாக முளைகட்டினாலும் அலசிப் போக்கமுடியாது. வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் முளைப்பயற்றைப் பச்சையாகப் பரிமாறுவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். ஏழு நிமிட ஆவி ருசியைக் கூட்டிக்கொண்டே அந்தப் பயத்தையும் போக்குகிறது.

பச்சைப்பயறு கைவந்த உற்சாகத்தில் தட்டைப்பயற்றுக்குப் போனேன். அதே ஆவி, அதே துணி, ஏழு நிமிடம். பிளந்தால் உள்ளே பாதி வெள்ளை! தட்டைப்பயறு பெரியது, பருப்பு கனமானது. சூடும் ஈரமும் நடுவரை போய்ச் சேர நேரம் வேண்டும். பன்னிரண்டு நிமிடத்திலும் புள்ளி மறையவில்லை. இருபது நிமிடம் வைத்தபோது மறைந்தது. ஆனால் பயறு வறண்டு, வாயில் மாவாக ஒட்டியது. ஆவியிலிருந்து அதற்குத் தேவையான தண்ணீர் கிடைக்கவில்லை. இதற்கு ஆவி மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும் என்று புரிந்தது.

ஆகவே இதற்கு இரண்டு கட்டமாக ஒரு வழி பிடித்தேன். முளைத்த தட்டைப்பயறு இரண்டு கப் என்றால் ஆறு கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் பயற்றைப் போட்டு, மூடாமல் மிதமான தீயில் எட்டு நிமிடம். தண்ணீர் தளதளக்கக் கூடாது. பயறு ஒன்றோடொன்று மோதினால் தோல் உரியும். எட்டு நிமிடத்தில் ஒன்றைப் பிளந்தால் நடுவில் ஊசிமுனை அளவு புள்ளி மிஞ்சியிருக்கும். அப்போது தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அதே சூடான பாத்திரத்தில் பயற்றை மூடி ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன். உள்ளே தங்கிய சூட்டில் புள்ளி மறைந்துவிடும், தோல் கிழியாது. ஒவ்வொரு பயறும் முழுசாக, கண் கறுப்பு அழியாமல், வெண்ணெய் போல வெந்திருக்கும். பச்சைப்பயற்றில் தண்ணீரைக் கொட்ட மனசு வராத நான் இங்கே மனமாரக் கொட்டுகிறேன். தட்டைப்பயறு பொதுவாக வாயு கொடுக்கிற பயறு. முளை தின்று மிச்சம் வைத்த சர்க்கரையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

இந்த எட்டு நிமிடம் ஒருநாள் பதினைந்தாகியும் பயறு வேகவில்லை. பயறு அதே கடையில் வாங்கியது, முளையும் அதே அளவு. யோசித்தபோதுதான் பிடிபட்டது: அன்று குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரவில்லை, போர் தண்ணீரில் வேகவைத்திருந்தேன். உப்புத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, பயற்றின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கிவிடுகிறது. பசை கரைந்தால்தானே பயறு மெத்தென்றாகும்! அதன்பிறகு ஊறவைக்கவும் வேகவைக்கவும் நல்ல தண்ணீர் மட்டுமே. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சீக்கிரம் வெந்தது உண்மை. தோல் கொழகொழத்து, சோப்பு வாடை அடித்தது. அது பி வைட்டமினில் ஒன்றான தயாமினையும் அழிக்கும் என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

பசையை இறுக்குவது சுண்ணாம்பு மட்டுமில்லை, புளிப்பும்தான். இதை எங்கள் அம்மாயி எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறார். தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு கூட்டும்போது, "புளி ஊத்திட்டா பயறு அதுக்கு மேல வேவாது கண்ணு, பாத்து ஊத்து" என்பார். வேகாமல் போய்விடும் என்ற எச்சரிக்கையாகத்தான் அன்று அதைக் கேட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தால், பதத்தை நிறுத்திப் பிடிக்கிற வித்தையே அதில் இருக்கிறது! சின்ன வெங்காயமும் கத்தரிக்காயும் வதக்கி, வறுத்தரைத்த கொத்தமல்லி, மிளகாய், தேங்காய் மசால் ஊற்றி, கத்தரிக்காய் முக்கால் வெந்ததும் வடித்துவைத்த தட்டைப்பயற்றைப் போடுகிறேன். இரண்டு கொதி வந்ததும் ஒரு பயற்றைப் பிளந்து பார்த்து, எனக்கு வேண்டிய பதம் வந்த அந்த நிமிடத்தில் புளியை ஊற்றுகிறேன். அதற்குமேல் பத்து நிமிடம் குழம்பு கொதித்தாலும் பயறு குழைவதில்லை. மறுநாள் சுடவைத்துச் சாப்பிடும்போதுகூட முழுசாக, கண்ணோடு, கரண்டியில் வந்து விழும்.

இதே காரணத்தால்தான் பச்சைப்பயற்றுக்கு எலுமிச்சையைக் கடைசியில் பிழிகிறேன். முன்பே பிழிந்தால் பயறு இறுகும், பச்சை நிறமும் மங்கும். கடைசியில் பிழிந்தால் நிறம் நிற்கும், பயற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சை உதவியும் செய்யும்.

எங்கள் வீட்டுக் காலை வேளைத் தட்டு இப்படித்தான் இருக்கும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, துருவிய இஞ்சி, ஒரு சிட்டிகைப் பெருங்காயம். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிய ஏழு நிமிடப் பயற்றை அதில் கொட்டிப் புரட்டுவேன். அடுப்பை அணைக்காமல் புரட்டினால் எட்டாவது, ஒன்பதாவது நிமிடமும் சேர்ந்துகொள்ளும். உப்பு, தேங்காய்த் துருவல், எலுமிச்சை. அவ்வளவுதான். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வேகவைப்பேன். மீதி முளைப்பயற்றை நீர் இல்லாமல் வடித்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குளிரில் முளையும் அதிகம் நீளாது.

அத்தைக்கு முதல் வாரம் ஒரு கைப்பிடி மட்டுமே கொடுத்தேன். முளை கட்டினாலும் வேகவைத்தாலும் பயற்றில் நார்ச்சத்து நிறைய இருக்கிறது. பழகாத வயிற்றில் ஒரேயடியாக ஒரு கிண்ணம் போட்டால் உப்புசம் திரும்ப வரும். இரண்டாம் வாரம் இரண்டு கைப்பிடி. மெதுவாக மென்று சாப்பிட்டார். ஒவ்வொரு நாளும் "வயிறு எப்படிங்க அத்தே?" என்று கேட்பேன், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்குது" என்பார். மூன்றாம் வாரம் கேட்க மறந்துவிட்டேன், அவரும் சொல்ல மறந்துவிட்டார்.

இப்போதெல்லாம் இரவு கதவைச் சாத்திவிட்டு நான் படுக்கப் போகும்போது, அறைக்குள்ளிருந்து அத்தையின் குரல் வருகிறது.

"கண்ணு, முடிச்ச அவுத்து அலசி வெச்சயா?"

"வெச்சுட்டனுங்க அத்தே."

"வாலு வந்துருச்சா?"

விளக்கைப் போட்டு, துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஈரத் துணிக்குள் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் அப்போதுதான் தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. காலைக்குள் வளர்ந்துவிடும்.